‘மனைவி: இல்லத்தரசி’ என்று எழுதுமுன்

மூதூர் வரலாறு தொகுக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு திறந்த மடல்



நீங்கள் தொகுத்துவரும் ஊர்ப் பெரியார் வரலாற்றின் கையெழுத்துப் பிரதியை வாசித்தேன். அதிபர்கள், விதானைமார், வைத்தியர்கள், ஆலிம்கள், புலவர்கள் எல்லாருக்கும் பிறந்த ஆண்டு, தகப்பன் பெயர், படித்த இடம், பார்த்த உத்தியோகம் என்று ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி வருகிறது: ‘மனைவி’. சிலருக்கு அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. சிலருக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. மிச்சமுள்ள அத்தனை பேருக்கும் ‘இல்லத்தரசி’ என்று போட்டிருக்கிறீர்கள். கேட்டால் “தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை” என்பீர்கள். தேடியிருப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் புருஷன் வீட்டில் தேடியிருப்பீர்கள். புருஷனின் பெட்டியில் புருஷனின் கடதாசிகள்தான் இருக்கும். ஒரு பெண்ணின் எழுத்து அவள் யாருக்கு எழுதினாளோ அவர்கள் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சும்மா சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால், கொட்டியார்க்குடாவுக்கு அக்கரையில் அடங்கியிருக்கும் ஒரு மனிதரை வைத்துச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் 1660இல் இங்கே பிடிபட்ட றொபேட் நொக்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் கடைசிவரை கலியாணமே செய்யவில்லை, ஆகவே நம் கேள்விக்கு அவர் உதவமாட்டார். நான் சொல்வது திருகோணமலை புனித ஸ்டீபன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டினை. பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தளபதியாக இருந்தவர். இரண்டாம் பர்மா யுத்தத்தின்போது 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி, பர்மாவின் ஐராவதி நதியில், கப்பலிலேயே வாந்திபேதியால் இறந்தார். இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். இன்று அந்தக் கல்லறையைத் தேடி வருகிறவர்கள் அட்மிரலுக்காக வருவதில்லை. அவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி என்பதற்காக வருகிறார்கள். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இன்னாரின் தம்பி என்ற பெயரில் மட்டும் நிலைத்திருந்தால் நமக்குப் பொறுக்காது. ஆனால் பெண் ஒருத்தி இன்னாரின் மனைவி என்று மட்டும் நின்றுவிட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை.

சார்ள்ஸின் மனைவி நெடுங்காலம் அப்படித்தான் நின்றாள். குடும்ப வரலாறுகளில் அவள் ‘ஃபனி பாமர், பெர்மியூடாவைச் சேர்ந்தவள், இளவயதில் இறந்தாள்’ என்ற அளவில் முடிந்துபோவாள். 2017இல் ஷீலா ஜோன்சன் கிண்ட்றெட் என்ற கனடிய ஆய்வாளர் அவளைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இருபத்து நான்கு வயதில் இறந்த, தன் பெயரில் எதையும் அச்சிடாத ஒருத்தியைப் பற்றி ஒரு புத்தகம் எழுத எப்படி முடிந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதல் கதவு கலியாணப் பதிவும் கலியாண அறிவித்தலும். அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் கலியாணங்களை ஒரு பத்தியாகத் திரட்டிப் போட்டன. லண்டனில் 1731இல் தொடங்கிய ‘ஜென்டில்மன்ஸ் மகசின்’ அதைச் செய்தது. கடற்படையினருக்கென்றே 1799 முதல் 1818 வரை வந்த ‘நேவல் குரொனிக்கிள்’ இதழிலும் அப்படி ஒரு பகுதி இருந்தது. இந்த அறிவித்தல்களின் வாய்ப்பாடு ஏறத்தாழ ஒன்றுதான். எந்த ஊரில் நடந்தது, மாப்பிள்ளையின் பதவியும் கப்பலும் என்ன, பெண் எந்தப் பதவியிலிருந்தவரின் எத்தனையாவது மகள் என்று இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். பெண்ணின் வயது இருக்காது, தாயின் பெயர் இருக்காது. அவள் என்ன படித்தாள் என்ற பேச்சே வராது. அறிவித்தல் பெண்ணைப் பற்றியதாகத் தோன்றினாலும் அது சொல்வது அவளுடைய தகப்பனின் அந்தஸ்தை.

அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தகப்பனின் பெயர் கிடைத்தால் குடும்பம் முழுவதும் கிடைத்துவிடும். ஃபனியின் தகப்பன் ஜோன் குறோவ் பாமர், பெர்மியூடாவின் முன்னாள் சட்டத்துறை நாயகம். இவ்வளவு தெரிந்தவுடன் தேட வேண்டிய இடங்கள் தாமாகவே திறக்கின்றன. உத்தியோகத்தர் என்றபடியால் அரசாங்கப் பதிவுகள் இருக்கும். அவர் பிற்பாடு லண்டனுக்குக் குடிபெயர்ந்து கெப்பல் வீதியில் வாழ்ந்தார். மூத்த மகள் எஸ்தர் பெர்மியூடாவிலேயே தங்கினாள். அவளுடைய கணவர் ஜேம்ஸ் கிறிஸ்டி எஸ்டனும் சட்டத்துறைக்காரர், அத்தீவின் தலைமை நீதியரசரானவர். நடு மகள் ஹரியட் பெற்றோரோடு லண்டனில் இருந்தாள். இளையவள் ஃபனி அக்காள் எஸ்தரின் வீட்டில் பெர்மியூடாவில் வளர்ந்தாள். கடற்படைத் தளபதி ஒருவர் அந்தச் சிறு தீவில் பெண் எடுக்கும் சந்தர்ப்பம் எப்படி வந்தது என்பது இந்த வீட்டை அறிந்தபிறகே விளங்கும். ‘இந்தியன்’ என்ற சிறு போர்க்கப்பலின் தலைவராக அத்திலாந்திக்கின் அக்கரையில் பணியாற்றிய சார்ள்ஸ், அத்தீவின் முதல்தரமான சட்டக் குடும்பம் ஒன்றில் சம்பந்தம் செய்தார். 1807 மே 19இல் கலியாணம் நடந்தது. பெண்ணுக்கு 17 வயது, மாப்பிள்ளைக்கு 27.

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் வழுக்கி விழும் பள்ளங்கள் இரண்டு உண்டு. முதலாவது திகதி. பாய்க்கப்பல் காலத்தில் பெர்மியூடாச் செய்தி லண்டன் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும், பத்திரிகையில் இடம் கிடைக்க மேலும் நாட்கள் போகும். பத்திரிகை வந்த மாதத்தைக் கலியாணம் நடந்த மாதமாக எழுதிவிட்டால், முதல் பிள்ளையின் பிறப்பைப் பார்க்கும்போது கணக்கு இடிக்கலாம், பிறகு ஊர் வாயைச் சமாளிக்க வேண்டிவரும். அறிவித்தல் கிடைத்தால் அதோடு நிற்காமல் கோவில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் பதிவேடுதான் செல்லும். ஏனென்றால் அது நடந்த இடத்தில் அன்றைக்கே எழுதப்படுவது.

இரண்டாவது பள்ளம் இதைவிட ஆழம். சார்ள்ஸ் ஒஸ்டினுக்கு மனைவியர் இருவர், இருவருமே பிறந்த வீட்டால் பாமர். ஃபனி 1814இல் இறந்தாள். தாயில்லாத பிள்ளைகளை வளர்த்தவள் அவளுடைய அக்காள் ஹரியட். 1820இல் சார்ள்ஸ் அந்த ஹரியட்டையே மணந்தார். நமக்கு இது ஆச்சரியமில்லை. மனைவி மவுத்தானால் பிள்ளைகளுக்காக அவளுடைய சகோதரியை முடிப்பது முஸ்லிம் வீட்டிலும் தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டத்திலோ அது விலக்கப்பட்ட உறவு. யாராவது வழக்குப் போட்டால் கலியாணமே தள்ளுபடியாகலாம் என்ற நிலை 1835வரை இருந்தது. அந்த ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே நடந்தவற்றை விட்டுவைத்துவிட்டு, இனிமேல் நடப்பவை செல்லாது என்றது. அந்தத் தடை நீங்கியது 1907இல்தான். ஆகவே குடும்பங்கள் இத்தகைய கலியாணங்களை வெளியே அதிகம் பேசியிருக்க மாட்டா. கடதாசியில் ‘பாமர்’ என்றும் ‘திருமதி ஒஸ்டின்’ என்றும் காண்பவர் எந்தப் பாமர், எந்தத் திருமதி என்று மயங்குவார்.

இதை அவிழ்க்க அந்தக் காலத்து ஒரு வழக்கம் உதவுகிறது. மணமாகாத மகள்மாரில் மூத்தவள் மட்டுமே பெயர் இல்லாமல் ‘செல்வி பாமர்’ எனப்படுவாள். இளையவர்களுக்கு முதற்பெயரும் சேரும். எஸ்தர் மணமாகிப் போனபின் பெயரில்லாத ‘செல்வி பாமர்’ ஹரியட்தான், ஃபனியல்ல. அடுத்த சோதனை பிள்ளைகளின் பிறந்த திகதி. கசண்ட்றா எஸ்டன் 1808 டிசம்பரிலும், ஹரியட் ஜேன் 1810 பெப்ரவரியிலும், ஃபிரான்ஸிஸ் பாமர் 1812 டிசம்பரிலும் பிறந்தார்கள். இவர்கள் ஃபனியின் பிள்ளைகள் என்பதில் ஐயமில்லை. பெயர்களையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். ஒஸ்டின் வீட்டுக் கசண்ட்றாவும் ஜேனும் இருக்கிறார்கள், பக்கத்திலேயே அக்காள் கணவரின் எஸ்டனும், அக்காள் ஹரியட்டும், தன் பிறந்த வீட்டுப் பாமரும் இருக்கிறார்கள். தகப்பன் வீட்டுப் பதிவேட்டிலேயே தாய் தன் வீட்டாரை உட்கார்த்தி வைத்திருக்கிறாள். நம் ஊரிலும் மூத்த மகளுக்கு எந்தப் பாட்டியின் பெயர் வைக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். தெரியாத தாய்வழி ஒன்று அங்கே தொடங்கும்.

இனி இரண்டாம் கதவு: கடிதங்கள். ஃபனி எழுதியவற்றில் பத்துப் பன்னிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இன்று அவை நியூயோர்க் மோர்கன் நூலகத்தில் உள்ளன. அவை 1810 முதல் 1814 வரை எழுதியவை; அக்காள் எஸ்தருக்கு எழுதியவையும் அவற்றுள் உண்டு. சார்ள்ஸின் நாட்குறிப்புகள் லண்டன் கிரீனிச்சில் கடல்சார் அருங்காட்சியகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆனால் அவை தொடங்குவது 1815இல், அவள் இறந்த பிறகு. கணவனின் பெட்டியை மட்டும் துழாவியவருக்கு ஃபனி ஒரு துக்கமாகவே தென்படுவாள். உயிரோடிருந்த ஃபனி தன் பிறந்த வீட்டாருக்கு எழுதிய கடிதக்கட்டில்தான் இருந்தாள்.

கடிதங்களைக் கையில் எடுத்ததும் உள்ளே இருப்பதை வாசிக்க ஓடக்கூடாது. முதலில் ஒரு தாளில் கோடிட்டு, எழுதிய திகதி, எழுதிய இடம், யாருக்கு என்று மூன்று நிரல் போட வேண்டும். ஃபனிக்கு இதைச் செய்தால், உள்ளடக்கத்தைத் தொடாமலே அவளுடைய வாழ்க்கை வரைபடமாகிவிடும். பெர்மியூடாவிலிருந்து கப்பல் தளம் வடக்கே கனடாவின் ஹலிஃபக்ஸுக்குப் போகும்போது அவளும் அங்கே. 1811இல் இங்கிலாந்து. பிறகு, தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷியர்னஸுக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘நமூர்’ என்ற பெரிய போர்க்கப்பல். சார்ள்ஸ் அங்கே கப்பல் தலைவர். எழுதிய இடமாகக் கப்பலின் பெயரே வருகிறது. ஒரு பெண் கைக்குழந்தைகளோடு போர்க்கப்பலில் குடியிருந்தாள் என்பதைக் கடற்படையின் ஆவணம் நமக்கு எடுத்துச் சொல்லாது. அவளுடைய கடிதத்தின் தலைவரி சொல்கிறது.

இதற்குப் பிறகுதான் வேலை என்ற கேள்வி. ஃபனிக்குச் சம்பளம் தந்த உத்தியோகம் எதுவும் இல்லை. உங்கள் படிவத்தில் போட்டால் அவளும் ‘இல்லத்தரசி’தான். ஆனால் கடிதங்கள் காட்டும் வேலைகளைப் பாருங்கள். அவளுடைய வீடு தண்ணீரில் நிற்கிறது. கரைக்குப் போய்ச் சாமான் வாங்க வள்ளமும் வேண்டும், காற்றும் இசைய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு உடுப்பு, மருந்து, எழுத்து எல்லாம் அங்கேயே பார்க்க வேண்டும். கணவரின் சம்பளத்துக்குள் செலவை அடக்க வேண்டும். லண்டனில் பெற்றோர், கென்ட்டில் மைத்துனர் வீடு, சோட்டன் கிராமத்தில் மாமியாரும் மைத்துனிமாரும், அத்திலாந்திக்குக்கு அப்பால் அக்காள் என்று நான்கு திசைக்கும் உறவை அறாமல் பிடித்துவைக்க வேண்டும். கணவருக்கு அடுத்த பதவி எங்கே வரும் என்ற கவலையும் அவளுடையது. அந்தக் காலத்தில் ஒரு கடற்படைக் குடும்பம் நிலைத்தது சம்பந்தங்களாலும் சிபாரிசுகளாலும்தான். அவற்றைக் காப்பது ஒரு முழுநேர வேலை.

ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே எழுதியதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் ஒரு விதி. வேறொரு கையெழுத்து வேண்டும். இங்கே அந்தக் கையெழுத்து ஜேன் ஒஸ்டினுடையது. 1813 ஒக்டோபரில் சார்ள்ஸும் ஃபனியும் பிள்ளைகளோடு கென்ட்டில் உள்ள அண்ணன் எட்வேர்ட்டின் கொட்மர்ஷம் மாளிகைக்கு வந்தபோது ஜேனும் அங்கே இருந்தார். அக்காள் கசண்ட்றாவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இந்தக் குடும்பத்தைச் சொல்கிறார். கடல் கொந்தளித்தால் மூத்த பிள்ளைக்குக் குமட்டுகிறது. குளிர்காலம் வருகிறது. பிள்ளையைக் கப்பலிலேயே வைத்திருப்பதா, சோட்டனில் மாமிமாரிடம் விடுவதா என்று வீட்டில் யோசனை நடக்கிறது. பெற்றோரைப் பிரியப் பிள்ளைக்கு மனமில்லை, தகப்பனும் அனுப்ப அவ்வளவாக விரும்பவில்லை. ஃபனி தன் வீட்டாருக்கு எழுதும் கஷ்டமும் ஜேன் பக்கத்திலிருந்து கண்ட கஷ்டமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதியவர்களல்லர். அப்படிப் பொருந்தினால்தான் அதை உறுதியான செய்தி என்று எழுதலாம்.

கல்விக்கு வருவோம். ஃபனி எந்தப் பள்ளியில் எத்தனையாம் வகுப்பு படித்தாள் என்று காட்டப் பதிவேடு கிடையாது. அந்தக் காலத்து நல்ல குடும்பத்துப் பெண்களுக்குப் படிப்பு பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தது. ஆனாலும் அவளுடைய சான்றிதழ் அந்தக் கடிதங்களிலேயே இருக்கிறது. இருபது வயதுப் பெண் பக்கம் பக்கமாக, ஒழுங்கு குலையாமல், கேட்கிறவளுக்கு எது தேவையோ அதைத் தெரிந்து எழுதுகிறாள். எழுத்துப் பிழை எங்கே விழுகிறது, கணக்கை எப்படிச் சொல்கிறாள், எந்தப் புத்தகத்தை, எந்த ஊர்ச் செய்தியைக் குறிப்பிடுகிறாள் என்பதை வைத்து ஒருத்தியின் படிப்பை அளக்கலாம். ‘படிப்பு: தெரியவில்லை’ என்று எழுதுவதைவிட ‘பள்ளிப் பதிவு இல்லை; கடிதங்கள் உள்ளன’ என்று எழுதுவது பெரிய வித்தியாசம்.

1814 ஓகஸ்ட் 31இல் ‘நமூர்’ கப்பலிலேயே ஃபனி நாலாவது மகள் எலிசபெத்தைப் பெற்றாள். ஒரு வாரத்துக்குள், செப்டெம்பர் 6ஆம் திகதி, தாய் மவுத்தானாள். அதே மாதத்தில் பிள்ளையும் போய்விட்டது. இந்த மரணத்தைக் கடற்படைக் கோவைகளில் தேடினால் ஒரு வரி அகப்படுவதே அரிது. அவள் உயிரைக் கொடுத்த வேலைக்குக் கடற்படையில் பதவிப் பெயர் இருக்கவில்லை.

ஓரிடத்தில் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஜேன் ஒஸ்டின் 1815, 1816இல் எழுதி, இறந்தபின் வெளிவந்த ‘பெர்சுவேஷன்’ நாவலில் திருமதி குறொஃப்ட் என்ற அட்மிரலின் மனைவி வருகிறாள். கணவரோடு கப்பலில் வாழ்ந்தவள், பெர்மியூடாவை அறிந்தவள், தனியே கரையில் விடப்பட்ட காலத்தில்தான் நோயுற்றவள். ஃபனியின் அனுபவம் இந்தப் பாத்திரத்துக்கு உரம் போட்டது என்று கிண்ட்றெட் வாதிக்கிறார். நல்ல வாதம். ஆனால் வாதத்தை வாதமாகவே வைத்திருக்க வேண்டும். திருமதி குறொஃப்டுக்குப் பிள்ளைகள் இல்லை, ஃபனிக்கு இருந்தார்கள். நாவலில் வருவதை எடுத்து ஃபனியின் வாழ்க்கையில் செருகினால், கிடைத்த உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகும். நம் ஊர்ப் புலவர்களின் பாட்டில் வரும் பெண்ணைப் புலவரின் மனைவியாக்கிவிடுகிற பழக்கம் நமக்கும் உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஃபனிக்குக் கடிதம் மிஞ்சியதற்கு அவள் சட்டத்துறை நாயகத்தின் மகள் என்பதும் ஒரு காரணம். பெர்மியூடாவில் அடிமைத்தனம் ஒழிந்தது 1834இல். அவள் வளர்ந்த காலத்தில் அத்தீவின் வசதியான வீடுகளில் அடுக்களையும் சலவையும் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்களின் கையில் இருந்தன. அவர்களுக்குக் கலியாண அறிவித்தல் இல்லை, கடிதக்கட்டும் இல்லை. ஆகவே கடிதம் உள்ளவளை மட்டும் எழுதிவிட்டு ‘பெண்களை எழுதிவிட்டோம்’ என்று நெஞ்சு நிமிர்த்த முடியாது.

இப்போது மூதூருக்கு வாருங்கள். நமக்கு அந்தக் கதவுகள் இல்லையென்று நினைக்காதீர்கள், வேறு பெயரில் இருக்கின்றன. முஸ்லிம் வீடுகளுக்குக் கடுத்தம் இருக்கிறது. 1929ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதன் இடத்துக்கு வந்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உட்பட்டு எழுதப்பட்ட கலியாணப் பதிவுகளில் மஹர், கைக்கூலி, பெண்ணின் பெயர், வலியின் பெயர், வலி அவளுக்கு என்ன முறை என்பன வரும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் மணமகளின் கையெழுத்துக் கட்டாயமில்லை, வலிதான் ஒப்பமிடுவார். கையெழுத்தைத் தேடிப் போகிறவர் அங்கே ஏமாறுவார். ஆனால் அந்த ‘முறை’ என்ற சொல்லைக் கவனிக்கிறவருக்குப் பலன் உண்டு. ஷாஃபி மத்ஹபில் வலியாக நிற்க முதல் உரிமை வாப்பாவுக்கு, அடுத்து வாப்பாவின் வாப்பாவுக்கு, அதன் பிறகே நானாவுக்கும் தம்பிக்கும். நானா வலியாக நின்றிருந்தால், கலியாணத்துக்கு முன்பே வாப்பா மவுத்தாகியிருக்கக்கூடும் என்று கொண்டு தேடத் தொடங்கலாம். தூர ஊரில் இருந்த வாப்பா பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்ததும் உண்டு. ஆகவே அடக்கஸ்தலத்தையோ காணி உறுதியையோ பார்த்து நிச்சயப்படுத்துங்கள். கடுத்தம் கிடைக்கவில்லை என்றால் கலியாணம் நடக்கவில்லை என்று பொருளில்லை. பதியாத நிக்காஹும் செல்லும் என்பதால் பலர் பதியாமலே இருந்தார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குப் பதிவேட்டில் பெற்றோரோடு சாட்சிகளின் பெயரும் வரும். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாயின் பெயர் வரும். அது பல சமயம் தாயின் சகோதரியாக இருக்கும். பொதுச் சட்டத்தின் கீழ் பதிந்த கலியாணங்களில் இரு பக்கத்துத் தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் இருக்கும். பெண்ணின் தொழிலுக்கான இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தால், அதை எழுதிய பதிவாளர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று மட்டும்தான் கொள்ள வேண்டும்.

படிப்பைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘எங்கள் பெத்தும்மா படிக்கவில்லை’ என்று வீட்டார் சொன்னால் அப்படியே எழுதிவிடாதீர்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதிருந்தும் அரபுத்தமிழில் மாலைகளையும் மசாயில் கிதாபுகளையும் வாசித்த பெண்கள் ஒரு தலைமுறைக்கு முன் ஏராளம். வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்கள் உண்டு. அரபுத்தமிழில் கடிதம் எழுதியவர்களும் உண்டு. பிள்ளைகள் அந்தக் கடதாசியைக் குர்ஆன் எழுத்தென்று மரியாதையாக மேலே எடுத்து வைத்திருப்பார்கள், ஆனால் வாசித்திருக்க மாட்டார்கள். ‘அரபிக் கடதாசி ஏதும் இருக்கிறதா’ என்று கேளுங்கள். பிறகு அரபுத்தமிழ் அறிந்த ஒருவரோடு போய் வாசியுங்கள்.

2004 சுனாமியும் 2006 ஓகஸ்ட் சண்டையும் நம் வீடுகளின் கடதாசிகளைத் தின்றுவிட்டன. கந்தளாய்க்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் கடிதக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அதனால்தான் புருஷன் வீட்டை விட்டுவிட்டு ராத்தா வீட்டையும் அக்காள் வீட்டையும் பாருங்கள் என்கிறேன். கிண்ணியாவுக்கோ ஓட்டமாவடிக்கோ கட்டிக்கொடுக்கப்பட்ட சகோதரி, கொழும்புக்குப் போன தங்கச்சி, வெளிநாட்டிலிருக்கும் மகள் ஆகியோரிடம் மூதூரிலிருந்து போன கடிதம் இருக்கலாம். பதிவாளரின் புத்தகம் அழிந்திருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் போன பிரதியைக் கேளுங்கள். கடிதத்தின் சொந்தக்காரர் அனுமதி தந்ததை மட்டும் அச்சிடுங்கள். குடும்பச் சண்டையும் நோயும் வரும் பக்கங்களை அவர்கள் மறைக்கச் சொன்னால் மறையுங்கள். திகதியும் இடமும் யாருக்கு என்பதும் கிடைத்தாலே நமக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கடிதமே எழுதாத பெண்ணுக்கு என்ன செய்வது? காணி உறுதியில் தாய் மகளுக்குக் கொடுத்த வளவு இருக்கும். நெல் அவித்து விற்றவள், பன்பாய் இழைத்தவள், மருத்துவிச்சியாக ஊரின் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை ‘இன்னாரின் மகள் சொல்லக் கேட்டது’ என்று குறித்து எழுதுங்கள். அதுவும் ஓர் ஆதாரம். பெண்ணின் வேலைக்குச் சம்பளச் சீட்டு வேண்டும் என்று நீங்களே சட்டம் போட்டால், ஆண்களை எழுதியதோடு புத்தகம் முடிந்துவிடும்.

ஆகவே அடுத்த பிரதியில் ‘மனைவி’ என்ற ஒற்றை வரியை எடுத்துவிட்டு நான்கு வரி வையுங்கள்: பிறந்த வீடு, கல்வி, செய்த வேலை, எழுதியவையும் அவற்றை வைத்திருப்பவரும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் எங்கிருந்து கிடைத்தது என்று போடுங்கள். ஒன்றும் கிடைக்காத இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று நிரப்பாதீர்கள். எந்தப் பதிவேட்டை, எந்த ஊரில், யார் வீட்டில் தேடினீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதே இடத்தில் மறுபடி தோண்டாமல், நீங்கள் போகாத சகோதரியின் வீட்டுக்குப் போவார். அந்தப் பிரதி தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். நான் முதலில் புரட்டுவது அந்த நான்கு வரிகளைத்தான்.

அன்புடன்,
மூதூரிலிருந்து உங்கள் பழைய வாசகர் ஒருவர்